கமலவேணி ஆசிரியை நினைவுக் கல்வி உதவித்தொகை: 2025-26 கல்வியாண்டிற்கான அறிவிப்பு

புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடி வட்டம் மேலக்கரம்பை அரசு மேல்நிலைப் பள்ளியில் 1985 முதல் 2018 வரை கணித ஆசிரியையாகப் பணியாற்றி, கடந்த 2024 நவம்பர் 23 அன்று தமது 64-ஆம் வயதில் மறைந்த திருமதி இரா. கமலவேணி அவர்களின் நினைவாக, அவரிடம் படித்த முன்னாள் மாணவர்களும் அவர் குடும்பத்தாரும் இணைந்து ஒரு கல்வி உதவித்தொகையை நிறுவியுள்ளோம். பன்னிரண்டாம் வகுப்பை முடித்து இவ்வாண்டு மேற்படிப்பில் சேரும் மாணவ மாணவியரிடமிருந்து இதற்கான விண்ணப்பங்கள் வரவேற்கப்படுகின்றன. நிறைவு செய்த விண்ணப்பங்கள் 2025 ஜூன் 30, திங்கட்கிழமை மாலை 4 மணிக்குள் எங்களை வந்தடைய வேண்டும்.

டீச்சரைப் பற்றி இப்பகுதியில் அதிகம் சொல்லத் தேவையில்லை. ஆனால் இப்போது பள்ளி முடிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் அவரிடம் படிக்கும் வாய்ப்பைப் பெறாதவர்கள் என்பதால் சிலவற்றைக் குறிப்பிடுகிறோம். 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, பகலில் பள்ளியும் மாலையில் கல்குவாரித் தொழிலாளர் குடியிருப்புகளுமாக அவர் உழைத்தார். அந்த இயக்கத்தின் ஒரு பகுதியாக இம்மாவட்டப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டது நாடே பேசிய செய்தி. எங்கள் ஊரில் அந்தச் சைக்கிள்களின் பின்னிருக்கையைப் பிடித்துக்கொண்டு ஓடியவர்களில் அவரும் ஒருவர். வகுப்பறையில், விடை தவறாக வந்தாலும் வழிமுறைக்குரிய மதிப்பெண்ணை ஒன்று விடாமல் போட்டுவிட்டு, கணக்கு எந்த வரியில் திசைமாறியதோ அந்த வரிக்கு மட்டும் பென்சிலால் ஒரு சிறு வட்டமிட்டுத் தருவார். நோட்டைத் திரும்பப் பெறுகிறவருக்கு, தமக்குக் கணக்கே வராது என்று தோன்றாது. அந்த ஒரு வரியைச் சரிசெய்தால் போதும் என்றுதான் தோன்றும்.

இந்த உதவித்தொகை யாருக்கு, எதற்கு, எப்போது வழங்கப்பட வேண்டும் என்பதைத் தீர்மானிக்க எங்களுக்கு வழிகாட்டியது அவர் விட்டுச்சென்ற ஒரு நாற்பது பக்க நோட்டுதான். தம்மிடம் பிளஸ் டூ முடித்த மாணவிகளின் பெயர்களை ஆண்டுவாரியாக எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவர் எந்தக் கல்லூரியில் சேர்ந்தார் என்றும், சேரவில்லையெனில் ஏன் சேரவில்லை என்றும் அவர் குறித்து வைத்திருக்கிறார். சேராதவர்களுக்கு எதிரே "மார்க் போதவில்லை" என்ற குறிப்பு மிக அரிதாகவே வருகிறது. "விடுதிக்கு முன்பணம்", "பஸ்", "சேரும் தேதிக்குள் பணம் புரளவில்லை" என்ற குறிப்புகளே திரும்பத் திரும்ப வருகின்றன. நல்ல மதிப்பெண் பெற்றும் சேர்க்கைக் காலத்தில் சில ஆயிரம் ரூபாய் கையில் இல்லாததால் படிப்பை விட்டவர்கள் அவர்கள். ஆகவே இது முதல் மதிப்பெண் பெற்றவருக்கு அளிக்கப்படும் பரிசு அல்ல என்பதையும், படிக்க இடம் கிடைத்தும் சேர்ந்து தொடர முடியாத நிலையில் இருப்பவருக்கு உரிய நேரத்தில் சென்று சேர வேண்டிய உதவி என்பதையும் விண்ணப்பிப்போரும் பரிந்துரைக்கும் ஆசிரியர்களும் மனத்தில் கொள்ள வேண்டுகிறோம்.

உதவித்தொகையின் அளவு

ஒவ்வோர் ஆண்டும் மூன்று பேர் புதிதாகத் தேர்ந்தெடுக்கப்படுவார்கள். ஒருவருக்கு ஆண்டுக்கு 20,000 ரூபாய் வீதம், படிப்புக் காலம் முடியும் வரை, அதிகபட்சம் மூன்று ஆண்டுகளுக்கு வழங்கப்படும். முதல் தவணையாக 12,000 ரூபாய் கல்லூரியில் சேரும் காலத்திலும், எஞ்சிய 8,000 ரூபாய் ஜனவரி மாதத்திலும் மாணவரின் சொந்த வங்கிக் கணக்கில் நேரடியாகச் செலுத்தப்படும். பணத்தைக் கல்லூரிக் கட்டணத்திற்குத்தான் செலவிட வேண்டும் என்ற கட்டுப்பாடு எதுவும் இல்லை. அரசுக் கல்லூரியில் கட்டணம் மிகக் குறைவாக இருந்தாலும் விடுதி உணவு, புத்தகம், தேர்வுக் கட்டணம், ஆய்வகக் குறிப்பேடு, கட்டணமில்லாப் பயணத்தில் அடங்காத புறநகர்ப் பேருந்து என்று செலவு தொடர்கிறது. எது முதலில் தேவை என்பது அந்தந்தக் குடும்பத்திற்குத்தான் தெரியும். இதற்காகத் திரட்டப்பட்ட 21 லட்சம் ரூபாய், தேசியமயமாக்கப்பட்ட வங்கி ஒன்றில் நிரந்தர வைப்பாக வைக்கப்பட்டுள்ளது. அதன் வட்டியும் முன்னாள் மாணவர்களின் ஆண்டுச் சந்தாவும் மட்டுமே செலவிடப்படும், அசல் தொடப்படாது.

யார் விண்ணப்பிக்கலாம்

ஆலங்குடி, கறம்பக்குடி, கந்தர்வகோட்டை ஆகிய மூன்று வட்டங்களில் உள்ள அரசுப் பள்ளி அல்லது அரசு உதவிபெறும் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்து, 2025 மார்ச் மாதப் பொதுத்தேர்வில் தேர்ச்சி பெற்றவர்கள் விண்ணப்பிக்கலாம். கலை அறிவியல் பட்டப்படிப்பு, பாலிடெக்னிக் பட்டயப்படிப்பு, செவிலியர் பட்டயப்படிப்பு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றில் இவ்வாண்டு இடம் பெற்றிருக்க வேண்டும், அல்லது இடத்திற்கு விண்ணப்பித்திருக்க வேண்டும். பெற்றோர் இருவரின் வருமானமும் சேர்ந்து ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய்க்கு மிகாமல் இருத்தல் வேண்டும். குறைந்தபட்ச மதிப்பெண் என்று எதையும் நாங்கள் நிர்ணயிக்கவில்லை. தேர்ச்சி போதும்.

மூன்று இடங்களில் குறைந்தது இரண்டு மாணவிகளுக்கு வழங்கப்படும். குடும்பத்தில் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குச் செல்பவர், பெற்றோரில் ஒருவரையோ இருவரையுமோ இழந்தவர், மாற்றுத்திறனாளி, கணிதத்தை முதன்மைப் பாடமாக எடுத்துப் படிப்பவர் ஆகியோருக்கு, மற்றத் தகுதிகள் சமமாக இருக்கும் நிலையில் முன்னுரிமை உண்டு. அரசின் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் ஆகிய திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் பெறுவோரும் தயங்காமல் விண்ணப்பிக்கலாம். அந்தத் தொகையைக் காரணம் காட்டி யாரும் நிராகரிக்கப்பட மாட்டார்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டில் மருத்துவம், பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் சேர்வோரின் கட்டணத்தை அரசே ஏற்பதால், அவர்கள் இவ்வாய்ப்பை மற்றவர்களுக்கு விட்டுக்கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

மார்ச் மாதத் தேர்வில் ஒரு பாடத்திலோ சில பாடங்களிலோ தவறி, துணைத் தேர்வு எழுதவிருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம் என்பதைத் தனியாகக் குறிப்பிட விரும்புகிறோம். தவறியவர்களுக்காக மே மாத வெயிலில் தம் வீட்டுத் திண்ணையில் இலவசமாக வகுப்பெடுத்தவரின் பெயரால் வழங்கப்படும் உதவியில், அவர்களுக்கு இடமில்லாமல் போவது முறையாகாது. எனவே மூன்று இடங்களில் ஒன்று, துணைத் தேர்வு எழுதுவோருக்காக 2025 ஆகஸ்ட் 10 வரை நிறுத்திவைக்கப்படும். தகுதியானவர் எவரும் அதற்குள் கிடைக்காவிட்டால் மட்டுமே அது காத்திருப்போர் பட்டியலில் முதலில் இருப்பவருக்குச் செல்லும்.

விண்ணப்பிக்கும் முறை

விண்ணப்பப் படிவம் மேலக்கரம்பை அரசு மேல்நிலைப் பள்ளி அலுவலகத்தில் வேலை நாட்களில் காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை கட்டணமின்றிக் கிடைக்கும். மூன்று வட்டங்களிலும் உள்ள மேல்நிலைப் பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கும் படிவங்களை அனுப்பியுள்ளோம். படிவம் கிடைக்காதவர்கள், அல்லது நேரில் வந்து வாங்க இயலாதவர்கள், தேவையான விவரங்களை வெள்ளைத்தாளில் எழுதி அனுப்பினாலும் ஏற்றுக்கொள்ளப்படும்.

விண்ணப்பத்துடன் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்கள், மாற்றுச் சான்றிதழ், வட்டாட்சியர் வழங்கிய வருமானச் சான்றிதழ், குடும்ப அட்டை, மாணவர் பெயரில் உள்ள வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம் ஆகியவற்றின் நகல்களை இணைக்க வேண்டும். முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழ், மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, பெற்றோரின் இறப்புச் சான்றிதழ் ஆகியவை பொருந்துவோர் மட்டும் இணைத்தால் போதும். துணைத் தேர்வு எழுதுவோர் தேர்வு நுழைவுச்சீட்டின் நகலை இப்போது இணைத்து, முடிவு வெளியான ஏழு நாட்களுக்குள் மதிப்பெண் விவரத்தை அனுப்பிவைக்கலாம். வருமானச் சான்றிதழும் முதல் பட்டதாரிச் சான்றிதழும் இ-சேவை மையம் வழியாகப் பெறப்பட வேண்டியவை. கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று படிப்படியாகப் பரிந்துரையாகி வருவதற்குச் சில நாட்கள் ஆகும் என்பதால், கடைசி வாரம் வரை காத்திராமல் உடனே மனுச் செய்துவிடுவது நல்லது. சான்றிதழ் கைக்கு வராத நிலையில் மனுச் செய்ததற்கான ஒப்புகைச் சீட்டை இணைத்தும் விண்ணப்பிக்கலாம். நேர்காணல் நாளில் சான்றிதழைக் காட்டினால் போதும்.

இவற்றோடு, மாணவர் தம் கைப்பட ஒரு பக்கத்திற்கு மிகாமல் ஒரு கடிதம் எழுதி இணைக்க வேண்டும். என்ன படிக்க விரும்புகிறார், ஏன் விரும்புகிறார், சேர்வதற்கும் தொடர்வதற்கும் எவ்வளவு பணம் தேவைப்படுகிறது, அதில் எவ்வளவு கையில் இருக்கிறது என்பதை உள்ளது உள்ளபடி எழுதினால் போதும். அழகான நடையையோ மேற்கோள்களையோ நாங்கள் எதிர்பார்க்கவில்லை. பிழைகளுக்காக எந்தக் கடிதமும் ஒதுக்கப்படாது. அம்மாணவரை அறிந்த ஆசிரியர் ஒருவரின் கையொப்பமிட்ட பரிந்துரையும் தேவை. அவர் வகுப்பாசிரியராகவோ தலைமையாசிரியராகவோதான் இருக்க வேண்டும் என்பதில்லை.

விண்ணப்பங்களை நேரிலோ தபாலிலோ அனுப்ப வேண்டிய முகவரி: கமலவேணி ஆசிரியை நினைவு உதவித்தொகைக் குழு, அரசு மேல்நிலைப் பள்ளி வளாகம், மேலக்கரம்பை, ஆலங்குடி வட்டம், புதுக்கோட்டை மாவட்டம் – 622 301. உறையின் மேல் "நினைவு உதவித்தொகை 2025-26" என்று குறிப்பிடவும். நேரில் தருவோர் ஒப்புகைச் சீட்டைத் தவறாமல் கேட்டுப் பெற்றுக்கொள்ள வேண்டும். தபால் தாமதத்தால் கடைசித் தேதிக்குப் பின் வந்து சேரும் விண்ணப்பங்கள், ஜூன் 27 அல்லது அதற்கு முன் அஞ்சல் முத்திரை இடப்பட்டிருந்தால் மட்டும் பரிசீலிக்கப்படும்.

தேர்வு முறையும் கால அட்டவணையும்

ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருவர், முன்னாள் மாணவியர் இருவர், டீச்சரின் குடும்பத்தார் ஒருவர் என ஐவர் அடங்கிய குழு விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும். குழு உறுப்பினரின் உறவினர் எவரேனும் விண்ணப்பித்திருந்தால், அவ்வாண்டுத் தேர்வில் அந்த உறுப்பினர் பங்கேற்க மாட்டார். முதற்கட்டப் பட்டியலில் இடம்பெறுவோர் 2025 ஜூலை 12, சனிக்கிழமை காலை 10 மணிக்குப் பள்ளி வளாகத்தில் பெற்றோர் அல்லது பாதுகாவலருடன் நேர்காணலுக்கு வர வேண்டும். வந்து செல்லும் பேருந்துச் செலவை அன்றே குழு வழங்கிவிடும். பாட அறிவைச் சோதிக்கும் கேள்விகள் எதுவும் அதில் இருக்காது. தேர்வானவர்களின் பெயர்கள் ஜூலை 19 அன்று பள்ளி அறிவிப்புப் பலகையில் வெளியிடப்படும், தபாலிலும் தெரிவிக்கப்படும். முதல் தவணை ஜூலை மாத இறுதிக்குள் செலுத்தப்படும். நேர்காணலுக்கு முன்பே சேர்க்கைக் கட்டணம் செலுத்த வேண்டிய நெருக்கடி உள்ளவர்கள், கல்லூரியின் சேர்க்கைக் கடித நகலுடன் அந்தத் தேதியை விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே சிவப்பு மையில் எழுதினால், அவர்களுடைய விண்ணப்பத்தை மட்டும் முன்கூட்டியே பரிசீலிக்கக் குழுவுக்கு அதிகாரம் அளிக்கப்பட்டுள்ளது.

இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் உதவி தொடர, மாணவர் படிப்பில் தொடர்வதாகக் கல்லூரி வழங்கும் நற்சான்றிதழ் மட்டும் போதுமானது. ஓரிரு பாடங்களில் நிலுவை இருந்தாலும் தொகை நிறுத்தப்படாது. உடல்நலக் குறைவு, மகப்பேறு, குடும்பச் சூழல் ஆகிய காரணங்களால் படிப்பு இடையில் தடைபட்டால், ஓராண்டு வரை அவருடைய இடம் காக்கப்படும்.

விண்ணப்பம் எழுதுவதிலோ சான்றிதழ்கள் பெறுவதிலோ உதவி தேவைப்படுவோர், மே 24 முதல் ஜூன் 28 வரை ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை 10 மணி முதல் பகல் 1 மணி வரை பள்ளி வளாகத்தில் குழுவினரை நேரில் சந்திக்கலாம். பெற்றோர் மட்டும் வந்தாலும் படிவத்தைப் படித்துச் சொல்லி, நிரப்ப உதவுவார்கள். தகுதியுள்ள மாணவர் யாரையேனும் அறிந்த ஆசிரியர்களும் அக்கம்பக்கத்தாரும் இச்செய்தியை அவர்களிடம் நேரில் சொல்லி விண்ணப்பிக்கச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

கமலவேணி ஆசிரியை நினைவு உதவித்தொகைக் குழு
மேலக்கரம்பை
15.05.2025