ஓலைச்சுவடிக் கட்டுரை: மதிப்பீட்டாளர் கருத்துகளுக்குப் பதில்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

திருத்திய கட்டுரையை இணைத்திருக்கிறேன். இரண்டு மதிப்பீட்டாளர்களும் வரிவரியாகப் படித்திருக்கிறார்கள், நன்றி.

முதல் மதிப்பீட்டாளர் பிடித்தது என் பிழைதான். மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கும் வழக்கமே வீரமாமுனிவரோடு வந்தது என்பது போல எழுதிவிட்டேன். 'மெய்யின் இயற்கை புள்ளியொடு நிலையல்' என்று தொல்காப்பியமே சொல்லும்போது அது நிற்காது. வீரமாமுனிவர் பங்கு ஏகார, ஓகார வடிவங்களை எகர, ஒகரத்திலிருந்து பிரித்துக் காட்டியது என்று 4ஆம் பக்கத்தை மாற்றிவிட்டேன். அட்டவணை 2இல் ஏட்டு எண்கள் இடம் மாறியிருந்தன, அதுவும் சரி செய்தாயிற்று.

இரண்டாமவர் 14ஆம் ஏட்டில் 'காடு' என்றே முடிவாகப் படிக்கச் சொல்கிறார். இதில் மட்டும் உடன்பட முடியவில்லை. இந்தச் சுவடியில் ரகரமும் துணைக்காலும் ஒரே கோடுதான், கீழே சாய்வு கிடையாது, அதனால் அதே கீறலை 'கரடு' என்றும் படிக்கலாம். நில எல்லை சொல்லும் இடத்தில் பாறைமேட்டுக்கும் இடமுண்டு. ஒன்றைத் தேர்ந்தால் ஏடு சொல்லாததை நான் சொன்னதாகிவிடும். இரண்டு பாடத்தையும் வைத்து, காரணத்தைச் சேர்த்திருக்கிறேன்.

கார்பன் காலக்கணிப்பு யோசனையையும் ஏற்கவில்லை, மன்னிக்கவும். 1650க்குப் பிந்தைய பொருளுக்கு அது தரும் கால இடைவெளி மிக அகலம், அப்புறம் அதற்காக ஏட்டை வெட்டவும் வேண்டும். சுவடிக்கு உரியவர் அதற்குச் சம்மதிக்கமாட்டார், நானும் கேட்கமாட்டேன்.

அன்புடன்,
கட்டுரையாளர்