உள்ளங்கைச் சீனி

1974 மார்ச் மாதம். நாவலப்பிட்டி ஸ்டேஷனில் அன்று நின்றுகொண்டிருந்த ரயிலை இலங்கை மலையகத்தில் ஒப்பாரிக் கோச்சி என்பார்கள். தலைமன்னாருக்குப் போய், அங்கிருந்து கப்பலேறி இந்தியா போகிறவர்கள் ஜன்னலுக்கு உள்ளே. வழியனுப்ப வந்தவர்கள் வெளியே. இரண்டு பக்கமும் அழுகை.

அத்தை மடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தாள். கூப்பனுக்கே சீனி சரியாகக் கிடைக்காத காலம். அழுதுகொண்டிருந்த இரண்டு பிள்ளைகளின் உள்ளங்கையிலும் ஆளுக்குக் கொஞ்சம் கொட்டினாள். ஜன்னலுக்கு உள்ளே இருந்த பாக்கியம் உடனே நக்கித் தின்றாள். வெளியே நின்ற யோகம் விரல்களை இறுக மூடிக்கொண்டாள். கோச்சி நகர்ந்தபோது பாக்கியத்துக்குத் தங்கச்சியின் முகம் தெரியவில்லை. கூட்டத்துக்கு நடுவே அந்தச் சின்ன முஷ்டிதான் தெரிந்தது.

இருவருக்கும் ஏழு வயது. அரை மணி நேர வித்தியாசத்தில் பிறந்தவர்கள். பாக்கியம் என்றாலும் யோகம் என்றாலும் ஒன்றுதான் என்று அப்பா வைத்த பெயர்கள். இரண்டு பேருக்கும் போதுமான பால் அம்மாவிடம் இல்லை. பிள்ளையில்லாத அத்தை அதே லயத்து வரிசை வீடுகளில், இரண்டு காம்பரா தள்ளி இருந்தாள். யோகத்தைத் தூக்கிக்கொண்டு போனவள் பதிவிலும் தன் பிள்ளையாகவே எழுதிவிட்டாள். அப்போது யாருக்கும் அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. பிள்ளைகள் ஒரே இஸ்தோப்புத் திண்ணையில்தான் விளையாடினார்கள்.

1948-இல் மலையகத் தமிழர்களின் குடியுரிமை பறிபோனது. 1964 அக்டோபர் 30-ஆம் தேதி டெல்லியில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. அப்பா குடும்பத்துக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்தது. அத்தையின் புருஷனுக்கு அதற்கு முன்னமே இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்திருந்தது. "எம்புள்ளைய நான் கூட்டிட்டுப் போறேன்" என்று அப்பா சொல்லிப் பார்த்தார். "காயிதத்துல அது எம்புள்ளைண்ணே" என்றாள் அத்தை. அவள் சொன்னதிலும் பொய் இல்லை. ஒப்பந்தம் ஆட்களை எண்ணிப் பிரித்தது, அவ்வளவுதான். யார் யாருக்கு யார் என்று அதற்குத் தெரியாது.

*

இராமானுஜம் கப்பலில் பாக்கியம் வாந்தியெடுத்துக்கொண்டே வந்தாள். ராமேஸ்வரத்தில் இறங்கியதும் அம்மா பிள்ளைகளை எண்ணினாள். மண்டபம் முகாமில் மறுபடியும் எண்ணினாள். மூன்று. எத்தனை தடவை எண்ணினாலும் மூன்றுதான். ஆனாலும் எண்ணினாள்.

முகாமிலிருந்து நீலகிரிக்கு அனுப்பினார்கள். கூடலூருக்கு அப்பால், தாயகம் திரும்பியவர்களுக்காகவே அரசு காட்டை வெட்டித் தேயிலை நட்ட இடம். அட்டைக்கடி, மழை, ராத்திரியில் யானை. இலங்கையில் இந்தியாக்காரன் என்று கேட்டுக் கேட்டு வந்தவர்களுக்கு இங்கே சிலோன்காரங்க என்று பெயர். பாக்கியத்துக்கு அந்த வயதில் இதொன்றும் உறைக்கவில்லை. அவளை வருத்தியது வேறு.

அம்மா அவளை யோகம் என்று கூப்பிட ஆரம்பித்திருந்தாள்.

வேண்டுமென்று இல்லை. அடுப்படியிலிருந்து அவசரமாகக் கூப்பிடும்போது வாயில் அதுதான் வரும். "யோகம், தண்ணி கொண்டா." முதல் தடவை பாக்கியம் போகவில்லை. அம்மா திரும்பிப் பார்த்தாள். யாரைக் கூப்பிட்டோம் என்று அவளுக்கே அப்போதுதான் புரிந்தது போலிருக்கிறது. புடவையால் முகத்தை மூடிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு எந்தப் பெயரைச் சொன்னாலும் பாக்கியம் ஓடிப் போனாள். யாரும் சொல்லிக்கொடுக்காமல் அந்தப் பிள்ளை எடுத்த முடிவு அது.

*

யோகத்தின் முஷ்டிக்குள் சீனி கரைந்து விரலிடுக்கில் ஒழுகியது. தோட்டத்துக்குத் திரும்புகிற வழியெல்லாம் எறும்பு. அத்தை கழுவிவிட வந்தபோதும் கையைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து தேத்தண்ணிக்குச் சீனி எடுப்பதையும் விட்டுவிட்டாள்.

தேத்தண்ணியில் சீனியைக் கரைத்தால் நிறையச் செலவாகும். உள்ளங்கையில் கொஞ்சம் வைத்துக்கொண்டு, ஒரு நக்கு, ஒரு மிடறு என்று குடித்தால் ஒரு சிட்டிகையிலேயே முழுக் கோப்பையையும் முடித்துவிடலாம். லயத்தில் எல்லாரும் அப்படித்தான் குடித்தார்கள். யோகம் மட்டும் கசக்கக் கசக்கக் குடித்தாள். அத்தை முதலில் திட்டினாள், அப்புறம் கெஞ்சினாள், கடைசியில் கேட்பதையே நிறுத்திக்கொண்டாள்.

அந்த வருடம் தோட்டங்களில் பஞ்சம். மரவள்ளி கிடைத்தால் அன்றைக்குத் திருநாள். பசியில் படுத்திருக்கும்போது, பாக்கியம் இந்நேரம் அம்மா பக்கத்தில் படுத்துச் சோறு தின்றிருப்பாள் என்று யோகம் நினைத்துக்கொள்வாள். அத்தை தன் பங்கையும் அவளுக்கே கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடித்தது அவளுக்கு நினைவிருக்கிறது. ஆனாலும் நினைத்தாள்.

கணக்கப்பிள்ளையின் கையெழுத்தில் நாலைந்து கடிதம் போனது, வந்தது. 1977 கலவரத்தில் இரண்டு ராத்திரி தேயிலைச் செடிக்குள் ஒளிந்திருந்துவிட்டு, உடுத்திய துணியோடு பொகவந்தலாவைப் பக்கம் ஒரு உறவுக்காரர் லயத்துக்குப் போனார்கள். கூடலூர் விலாசம் பழைய காம்பராவில், தகரப்பெட்டியில் இருந்தது. திரும்பிப் போய்ப் பார்த்தபோது பெட்டியும் இல்லை, கதவும் இல்லை.

*

மறு வருடம் ஒரு கடிதம் போன மாதிரியே திரும்பி வந்தது. அம்மா அதை மாரியம்மன் படத்துக்குப் பின்னால் சொருகினாள். 1984-இல் கப்பலும் நின்றுபோனது. "இனிமே நீந்தித்தான் போகணும்" என்று சொல்லிவிட்டு அப்பா வெளியே போனார், அன்று வெகுநேரம் திரும்பவில்லை.

பாக்கியம் கொழுந்து பறிக்கப் போனாள், கல்யாணம் ஆனது, மூன்று பிள்ளைகள். முதலில் கையால்தான் பறித்தாள், அப்புறம் கத்தரி வந்தது. நாள் முழுக்க அதைப் பிடித்து வலது உள்ளங்கையில், பெருவிரலுக்குக் கீழே, புளியங்கொட்டை அளவுக்குக் காய்ப்பு. பிள்ளைகள் சாயா குடித்தார்கள், பால் விட்டு, சீனி கலக்கி. அம்மா மட்டும் கடைசி வரை வெறுந்தேத்தண்ணியும் கையில் சீனியும்தான். அம்மா போன பிறகு பாக்கியமும் தனியாக இருக்கும்போது அப்படிக் குடித்தாள். சீனியை நக்கும்போதெல்லாம் ஒரு எண்ணம் வரும்: நம் வீடு, நம் லயம், வாசலில் நின்ற ஜம்பு மரம் எல்லாம் அவளுக்குத்தான். நம்மைத்தான் பிடுங்கி நட்டுவிட்டார்கள்.

*

யோகத்துக்கும் மலைதான். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டு, அப்புறம் தலையில் கயிறு மாட்டிக் கூடை. 18 கிலோ பறித்தால் ஒரு பேர், அதாவது முழு நாள் சம்பளம்; குறைந்தால் அரைப் பேர். ஆயிரம் ரூபாய் நாள் சம்பளத்துக்காக எத்தனையோ வருடம் ரோட்டில் உட்கார்ந்தவர்களில் அவளும் ஒருத்தி; 2021-இல்தான் அது வந்தது. கொழுந்தின் சாறு ஏறி ஏறிப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் கறுத்துப் போயின. எலுமிச்சம்பழம் வைத்துத் தேய்த்தாலும் போகாது. சாகும்போது அத்தை அந்த விரல்களைப் பிடித்துக்கொண்டு, "ஒன்னைய அனுப்பியிருக்கலாம்" என்றாள். யோகம், "இல்லம்மா" என்றாள். அத்தையை அவள் அம்மா என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

அவளிடம் சின்ன வயசுப் படம் ஒன்றுகூட இல்லை.

2024 ஜூனில் அட்டனில் ஆட்டோ ஓட்டும் மகன் போனைக் கொண்டுவந்து நீட்டினான். கூடலூரில் யாரோ ஒரு பையன் பேஸ்புக்கில் போட்டிருந்த பழைய குடும்பப் பாஸ்போர்ட் படம். அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள். நடுவில் நிற்கிற பிள்ளையைக் காட்டி, "நம்ம பாப்பா மாதிரியே இருக்கும்மா" என்றான். பாப்பா அவன் மகள். யோகம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். ஏழு வயதில் தன் முகம் எப்படி இருந்தது என்று ஐம்பது வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாகப் பார்த்தாள். அடுத்துத்தான் அம்மாவைப் பார்த்தாள்.

போனில் இரண்டு தடவை முகம் பார்த்துப் பேச முயன்றார்கள். லயத்தில் சிக்னல் நிற்கவில்லை. உறைந்துபோன படத்தைப் பார்த்து இருவரும் அழுததுதான் மிச்சம். "கப்பல் மறுபடி ஓடுதாம்மா, காங்கேசன்துறையிலருந்து" என்றான் மகன்.

*

செப்டம்பரில் ஒரு நாள், நாகப்பட்டினம் துறைமுக வாசல். பாக்கியம் முந்தின நாளே கூடலூரிலிருந்து பஸ் மாறி மாறி வந்து சேர்ந்திருந்தாள். பேரன் கூட நின்றான். முகத்தை வைத்து எங்கே கண்டுபிடிக்கப் போகிறோம் என்ற பயம் அவளுக்கு. வெளியே வந்த கூட்டத்தில் ஒருத்தி பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, கூடை சுமக்கிற மாதிரி தலையை லேசாக முன்னால் நீட்டி நடந்து வந்தாள். பாக்கியத்தின் பேரன் சிரித்துவிட்டான். "பாட்டி, நீ நடக்குற மாதிரியே வர்றாங்க."

கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். யோகத்தின் உச்சந்தலையில் கயிறு அழுத்திய இடத்தில் முடி இல்லை. பாக்கியத்தின் விரல் அந்தப் பள்ளத்தில்தான் முதலில் போய் நின்றது. கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததும் யோகம் ஐம்பது வருடமாக வைத்திருந்ததைக் கேட்டாள். "அம்மா என்னையப் பத்திப் பேசுமா?"

"என்னையக் கூப்புட்டதுல பாதி ஒம் பேருதான்" என்றாள் பாக்கியம். "நானும் ஏன்னுதான் போவேன்."

யோகம் கறுத்த விரல்களால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இப்போது பாக்கியத்தின் முறை. "அந்த ஜம்பு மரம் இருக்கா?"

"எனக்கென்ன தெரியும்? எழுவத்தேழுலயே அங்கிருந்து வெரட்டிட்டாங்க."

பாக்கியம் அவளையே பார்த்தாள். அத்தனை வருடமும் தங்கச்சி அந்த மரத்தடியில் நிற்பதாகத்தான் அவள் நினைத்திருந்தாள். "அப்ப நீயும் அங்க இல்லையா" என்றாள் மெதுவாக.

பாக்கியம் இரண்டு வெறும் டீ சொன்னாள், சீனி தனியாக. கடைக்காரருக்குப் புரியவில்லை, சீனி டப்பாவையே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். தன் காய்த்த உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டிக்கொண்டு, யோகத்தின் கையைப் பிடித்து அதிலும் கொட்டினாள்.

"நா சீனி எடுக்கிறதில்ல" என்றாள் யோகம். விரல்கள் தானாக மடங்கிக்கொண்டன.

பாக்கியம் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். "மூடாத புள்ள. தேத்தண்ணி ஆறுது."