பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வு: புதுக்கோட்டைக் குமிழித் தூம்புக் கல்வெட்டுகள் – தங்கள் வழிகாட்டல் வேண்டி

மதிப்பிற்குரிய பேராசிரியர் அம்மா அவர்களுக்கு,

வணக்கம்.

புதுக்கோட்டை மாவட்டம் அன்னவாசல் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியராக இருக்கிறேன். எம்.ஏ. வரலாறு முடித்து, பிறகு கல்வெட்டியலில் பட்டயம் பெற்றேன். வரலாற்றில் செட் தேர்ச்சியும் உண்டு. தங்கள் துறையில் பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வுக்கு விண்ணப்பிக்க எண்ணியிருக்கிறேன். சேர்க்கை அறிவிப்பு இன்னும் வரவில்லை. என் ஆய்வுக் கேள்வி தங்களுக்கு ஏற்புடையதா என்று கேட்காமல் விண்ணப்பத்தில் நெறியாளர் என்று தங்கள் பெயரை எழுதுவது முறையாகாது என்பதால் முன்கூட்டியே எழுதுகிறேன்.

கேள்வியை முதலில் சொல்லிவிடுகிறேன். புதுக்கோட்டைக் குளங்களில் குமிழித் தூம்பு வைத்துக் கொடுத்தவர்களின் பெயர்கள் தூம்புத் தூண்களில் இருக்கின்றன. அந்தத் தூம்பின் கீழ் பாய்ந்த நிலத்தோடு அவர்களுக்கு என்ன உறவு? நிலம் உடையவர்களே தங்கள் வயலுக்காகத் தூம்பு போட்டுக்கொண்டார்களா, நிலத் தொடர்பே இல்லாத ஒருவர் தர்மமாகச் செய்துவைத்தாரா? இதற்கு விடை தெரிந்தால், சபை இல்லாத ஊர்களில் தண்ணீர் யார் கையில் இருந்தது என்று பேசத் தொடங்கலாம்.

இந்தக் கேள்வி எனக்கு வந்தது புத்தக அடுக்கு முறையால்தான். புதுக்கோட்டை சமஸ்தானம் 1929-ல் வெளியிட்ட கல்வெட்டுத் தொகுதி அரச மரபு வாரியாக வரிசைப்படுத்தப்பட்டது. அதனால் ஒரே குளத்தின் இரண்டு தூம்புகளில் ஒன்று சோழர் பகுதியிலும் மற்றொன்று பாண்டியர் பகுதியிலும் போய் உட்கார்ந்துவிடுகிறது. படிப்பவருக்கு இரண்டும் அடுத்தடுத்த மடைகள் என்றே தெரியாது. கல் நிற்கும் இடமும், நான் பார்த்தவரை, இன்ன ஊர்க் குளத்தில் என்ற அளவோடு நின்றுவிடுகிறது. கரையின் எந்தப் பக்கம், எந்த மடை, அதன் பாசனம் எந்த வயலுக்கு என்பதெல்லாம் அன்றைய பதிப்பாளர்களின் வேலை இல்லை. அவர்களைக் குறை சொல்லவில்லை, அந்தத் தொகுதி இல்லையென்றால் நான் எங்கேயிருந்து தொடங்குவேன்? ஆனால் அதே கல்வெட்டுகளைக் குளம் வாரியாக அடுக்கிப் பார்த்தால் வேறு ஒரு வரலாறு கிடைக்கும் என்று நம்புகிறேன். ஆய்வின் அடிப்படை இதுதான்: அரசனை விட்டுவிட்டுக் குளத்தை அலகாக எடுப்பது.

தங்களிடம் வரக் காரணம் சபைகளின் நீர் நிர்வாகம் பற்றிய தங்கள் பணி. தஞ்சையில் நடந்த பயிலரங்கில், உத்திரமேரூரின் 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளை வைத்து ஏரி வாரியம் பற்றித் தாங்கள் நடத்திய அமர்வில் பின்வரிசையில் இருந்தேன். குடவோலையைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள், ஏரி வாரியத்து ஆறு பேரும் ஆண்டு முழுக்க என்ன செய்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை என்று தாங்கள் சொன்னீர்கள். சபை இருந்த இடத்தில் நீர் நிர்வாகம் எழுத்துக்கு வந்தது, மற்ற ஊர்களில் அது வழக்கமாகவே இருந்துவிட்டதால் நமக்குச் சான்று இல்லை என்றும் சொன்னீர்கள். முதல் கருத்தில் எனக்கு மறுப்பில்லை. இரண்டாவதில்தான் ஒரு சந்தேகம். புதுக்கோட்டையில் பிரம்மதேயங்கள் குறைவாக இருந்த பகுதிகளிலும் தூம்புத் தூண்களில் எழுத்து இருக்கிறது. வாரிய விதிகள் மாதிரி நீளமாக இல்லை. இரண்டு வரி, மூன்று வரி. ஆனாலும் எழுத்துதானே. அந்த இரண்டு வரியையும் கல் நிற்கும் இடத்தையும் சேர்த்துப் படித்தால், இல்லை என்று நினைக்கும் சான்றில் ஒரு பகுதியாவது கிடைக்காதா? இதைத் தங்களிடமே கேட்பதுதான் சரி என்று பட்டது.

இதுவரை செய்திருப்பதைச் சொல்கிறேன். அன்னவாசல், குடுமியான்மலை, நார்த்தாமலை சுற்றுவட்டாரக் குளங்களில் கோடையில் போய்ப் பார்த்து வருகிறேன். பங்குனி, சித்திரையில் தண்ணீர் வற்றினால்தான் தூணின் அடிவரை தெரியும். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் மேலே ஒரு முழக் கல்தான் மிச்சம். ஒவ்வொரு தூம்புக்கும் தூணின் உயரம், இரு தூண்களுக்கு இடையே உள்ள அகலம், தொட்டி மூடியில் இருக்கும் நீரோடித் துளையின் விட்டம், சேறோடித் துளைகளின் நிலை, கரையிலிருந்து தூரம் ஆகியவற்றைக் குறித்துவைக்கிறேன். எழுத்து உள்ள தூண்களுக்கு அனுமதி பெற்ற இடங்களில் மைப்படி எடுத்திருக்கிறேன், மற்ற இடங்களில் சாய்வெளிச்சப் படங்கள்.

ஒரு தூணைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். குளத்தின் தெற்குக் கரையை ஒட்டிச் சீமைக்கருவேலத்துக்குள் நிற்கிறது. கிழக்குத் தூணின் உள்பக்கத்தில், அதாவது துளை அடைப்பைத் தூக்க இறங்குகிறவர் கண்ணுக்கு நேராக, எழுத்து. கரையில் நின்று பார்ப்பவருக்குத் தெரியாது. ஸ்வஸ்திஸ்ரீ தெளிவு, பெயர் இருந்த இடம் பொரிந்து போயிருக்கிறது, கடைசியில் ‘இடுவித்த குமிழி’ என்று படிக்க முடிகிறது. எழுத்தமைதியைக் கொண்டு பத்தாம் நூற்றாண்டை ஒட்டி என்று கருதுகிறேன். தாங்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். கொடையை ஊரறியச் செய்வதுதான் நோக்கம் என்றால் எழுத்தை வெளிப்பக்கம் அல்லவா வெட்டியிருப்பார்கள்? அதே குளத்தின் வடக்கு மடைத் தூணில் எழுத்து வெளிப்பக்கம்தான் இருக்கிறது. தூண் பின்னால் திருப்பி நடப்பட்டதா என்பதையும் பார்க்க வேண்டும், அதனால் இப்போதைக்கு இதிலிருந்து எதையும் முடிவு செய்யவில்லை. படம் இணைப்பில் உள்ளது.

நிலத்தோடு பொருத்துவதற்கு மூன்று வகை ஆதாரங்களை எண்ணியிருக்கிறேன். ஒன்று, கல்வெட்டுகளிலேயே வரும் நில எல்லைகள். தூம்புக் கல்வெட்டு சுருக்கமானது என்றாலும், பக்கத்துக் கோயில் கல்வெட்டுகளில் அதே குளத்தின் ‘கீழ்’ உள்ள நிலங்கள் எல்லையோடு விற்கப்படுகின்றன, கொடுக்கப்படுகின்றன, ஏரிப்பட்டியாக விடப்படுகின்றன. அடுத்தது கிராம வரைபடமும் புல வரைபடமும் அ-பதிவேடும். வயலின் பெயர் ஆயிரம் ஆண்டு அப்படியே நிற்கும் என்று நான் நம்பவில்லை. ஆனால் வாய்க்கால் ஓடும் தடம் லேசில் மாறாது, மேட்டுக்குத் தண்ணீர் ஏறாது. மூன்றாவது, இன்றும் மடை திறந்து நீர் பாய்ச்சும் குடும்பங்களின் வாய்மொழி. மடைக்குடும்பர், நீர்ப்பாய்ச்சி என்று ஊருக்கு ஒரு பெயரில் அழைக்கப்படும் அவர்களுக்கு எந்த மடை முதலில், எது கடைசி, எவ்வளவு நேரம் என்பதெல்லாம் மனப்பாடம். அதை அப்படியே பத்தாம் நூற்றாண்டுக்கு ஏற்றிவிடும் ஆபத்து இருப்பது தெரியும். ஆகவே வாய்மொழியைச் சான்றாக வைக்காமல், எங்கே தேட வேண்டும் என்பதற்கு வழிகாட்டியாக மட்டும் பயன்படுத்த நினைக்கிறேன்.

என் ஊகம் தப்பாகப் போகவும் வாய்ப்பு உண்டு. பெயர் தெளிவாக உள்ள தூம்புகளில் பெரும்பாலானவற்றைச் செய்துவைத்தவர்கள், பக்கத்துக் கோயில் கல்வெட்டுகளில் நில உடைமையாளர்களாக எங்குமே வராவிட்டால், தூம்பு தர்மம்தான், உரிமைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று எழுத வேண்டியிருக்கும். அதுவும் ஒரு முடிவுதான். பெயரே சிதைந்த கற்கள் அதிகமாகி எந்தப் பக்கமும் சொல்ல முடியாமல் போவதுதான் எனக்கு உண்மையான கவலை. எல்லையைக் குளத்தூர், இலுப்பூர் வட்டங்களோடு நிறுத்துவதா, மாவட்டம் முழுக்க விரிப்பதா என்பதில் தங்கள் ஆலோசனை தேவைப்படுவது இதனால்தான்.

அவசரத்துக்கு ஒரு காரணமும் இருக்கிறது. 2017-ல் குடிமராமத்து மீண்டும் தொடங்கியதிலிருந்து குளங்கள் தூர்வாரப்படுவது நல்லதுதான், எங்கள் ஊர்க் குளத்திலும் தண்ணீர் நிற்கிறது. ஆனால் பொக்லைன் ஓட்டுபவருக்கு அது வெறும் கல். பழைய தூம்பை விட்டுவிட்டுப் பக்கத்தில் கான்கிரீட் மடையும் ஷட்டரும் வைத்த பிறகு தூணைக் கவனிக்க ஆளில்லை. சாய்ந்துவிட்ட தூணில் எழுத்து மிஞ்சலாம். அது எந்த மடைக்கு உரியது என்பது மிஞ்சாது. என் ஆய்வுக்கு வேண்டியது அதுதான்.

நடைமுறை விவரங்கள். 2022-ஆம் ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழு விதிகளின்படி பகுதிநேர ஆய்வுக்குத் தேவையான தடையின்மைச் சான்றுக்குத் துறை வழியாக மனுக் கொடுத்திருக்கிறேன். பாடநெறி வகுப்புகளுக்குக் கோடை விடுமுறையும் சனிக்கிழமைகளும் ஒத்துவரும். மற்ற நாள்களுக்கு விடுப்பு எடுக்கத் தயார். உதவித்தொகை எதிர்பார்க்கவில்லை. தமிழ் எழுத்து தடையின்றிப் படிப்பேன், கிரந்தம் நிதானமாகப் படிப்பேன். வட்டெழுத்தில் இன்னும் பயிற்சி வேண்டும். சமஸ்கிருதம் கிட்டத்தட்ட இல்லை. தூம்புக் கல்வெட்டுகளுக்கு அது பெரிய தடையாகாது என்றாலும், கோயில் கல்வெட்டுகளின் சுலோகப் பகுதிகளுக்கு யாரையாவது அணுக வேண்டும்.

தங்களிடம் ஆய்வாளர் இடம் காலியாக உள்ளதா என்பதும், இந்தத் தலைப்பை நெறிப்படுத்த விருப்பம் உண்டா என்பதும்தான் நான் இப்போது தெரிந்துகொள்ள விரும்புவது. பதில் ஒரு வரியாக இருந்தாலும் போதும். விருப்பம் இருந்தால், தங்களுக்கு வசதியான ஒரு சனிக்கிழமை தஞ்சைக்கு நேரில் வருகிறேன். மைப்படிகளையும் அளவுக் குறிப்பேட்டையும் கொண்டுவருவேன், அரைமணி நேரம் ஒதுக்கினால் போதும். இடம் இல்லையென்றால் இந்தக் கேள்விக்குப் பொருத்தமான வேறு நெறியாளர் யாரை அணுகலாம் என்று சொன்னாலும் பேருதவி.

இரண்டு பக்க ஆய்வுக் குறிப்பு, தெற்கு மடைத் தூணின் நான்கு படங்கள், என் எம்.ஏ. ஆய்வேட்டில் குளப் பெயர்கள் பற்றிய இயல், தன்விவரக் குறிப்பு ஆகியவற்றை இணைத்துள்ளேன். எல்லாவற்றையும் படிக்க நேரமில்லாவிட்டால் படங்களை மட்டும் பாருங்கள் அம்மா. மூன்றாவது படத்தில் பெயர் இருந்த இடத்தை எனக்குத் தெரிந்த மட்டும் முயன்றுவிட்டேன். இரண்டாவது எழுத்து ககரமா சகரமா என்று தாங்கள் சொன்னால், தொகுதியில் தேடுவதற்கு ஒரு பிடி கிடைக்கும்.

நன்றியுடன்,
தங்கள் உண்மையுள்ள,
மு. செல்வராணி
பட்டதாரி ஆசிரியர் (சமூக அறிவியல்)
புதுக்கோட்டை மாவட்டம்

பி.கு.: படங்களில் குளத்தின் பெயரை வேண்டுமென்றே நீக்கியிருக்கிறேன். மைப்படி முறையாகப் பதிவாகும் வரை இடம் வெளியே பரவ வேண்டாம் என்று ஊர்க்காரர்கள் கேட்டுக்கொண்டார்கள். தங்களிடம் நேரில் சொல்வதில் அவர்களுக்குத் தடையில்லை.