மூன்று புள்ளி ஓடம்

மேல் முன்பல் இரண்டும் விழுந்து கிடந்த வாரத்தில்தான் ஓதவைக்கிற அசரத்து எனக்கு அரபி எழுத்து 'ஸே' சொல்லிக்கொடுத்தார்.

அதுவரைக்கும் ஓதல் தொந்தரவில்லாமல்தான் போனது. அலிபு நட்டுவைத்த கம்பு. அடுத்து ஓடம். ஓடத்துக்கு அடியில் ஒரு புள்ளி வைத்தால் பே, மேலே இரண்டு வைத்தால் தே, மூன்று வைத்தால் ஸே. பத்தமடையில் ஓடம் பார்த்த பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்காதீர்கள், கன்னடியன் வாய்க்காலில் வாழைத்தண்டு மிதந்ததைப் பார்த்திருக்கிறோம், அது போதும்.

"நாக்கு நுனி மேல்பல்லுக்கு அடியில கொஞ்சம் வெளிய எட்டிப் பாக்கணும். காத்து அதுல உரசிக்கிட்டு வரணும். எங்க, சொல்லு."

சொன்னேன். காற்று ஓட்டை வழியாகப் புஸ்ஸென்று போனது. எச்சில் தெறித்துக் கிதாபில் விழுந்தது. பதறிப்போய்ச் சட்டை நுனியால் துடைத்து, முத்திக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பின்வரிசையில் சிரிப்பு.

"அது ஸீன்லே. நான் கேட்டது ஸே."

மறுபடி சொன்னேன். மறுபடியும் ஸீன். ஸே, ஸீன், ஸாத் என்று அரபியில் மூன்று இருக்கிறது. தமிழில் எழுதும்போது மூன்றுக்கும் ஒரே 'ஸ'வைப் போட்டுவிட்டு நாம் பாட்டுக்குப் போய்விடுகிறோம். அசரத்திடம் அது நடக்காது. நாளைக்குச் சரியாகச் சொல்லிவிட்டுத்தான் ஜீமுக்குப் போகணும் என்று உட்கார்த்திவிட்டார். எனக்குப் பின்னால் வந்து சேர்ந்த பயல் ஒருத்தன் அன்றைக்கே ஜீமுக்குப் போய்விட்டான். அதுதான் தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது உம்மாவைப் பெற்ற நன்னா தறியில் இருந்தார்கள். பாய்த் தறி தரையை ஒட்டித்தான் இருக்கும். பாவு நூலை இழுத்துக் கட்டி, அதன் மேல் பலகை போட்டு, அதில் குத்தவைத்து நெய்வது. நன்னி ஒரு ஓரத்திலிருந்து கோரையைக் குச்சியில் மாட்டி உள்ளே விடுவாள், நன்னா அச்சை இழுத்து அடிப்பார்கள். கீறிய கோரை மயிர்போல மெல்லிசாக இருக்கும். ஆற்றுத் தண்ணீரில் ஊறி வந்த வாசனை வீடு பூராவும். சப்பாங்கட்டைச் சாயத்தில் முக்கிய கோரையின் சிவப்பு நன்னாவின் பெருவிரல் நகக்கண்ணில் நிரந்தரமாகவே ஏறியிருந்தது.

நான் பலகைக்குப் பக்கத்தில் ரைகாலை விரித்துக் கிதாபை வைத்தேன். எழுத்தைத் தொட்டுக் காட்ட எல்லோரும் ஈர்க்குச்சி வைத்திருப்பார்கள், எனக்கு நன்னா ஒடித்துத் தந்த கோரைத் துண்டு.

நெய்யும்போது நன்னா வாய்க்குள்ளேயே ஓதுவார்கள். பெரும்பாலும் ஒரே சூராதான். மூன்றே வசனம். குர்ஆனிலேயே அதைவிடச் சின்னது கிடையாது, நூற்றெட்டாவது சூரா.

"இன்னா அஃதைனாகல் கவ்ஸர்."

அச்சு ஒரு அடி.

"ஃபஸல்லி லிரப்பிக வன்ஹர்."

ஒரு அடி.

"இன்ன ஷானிஅக ஹுவல் அப்தர்."

மூன்றாவது அடி கொஞ்சம் பலமாக விழும். பிறகு நன்னி அடுத்த கோரையை விடுவாள்.

பிறந்ததிலிருந்து கேட்கிற ஓசைதான். ஆனால் அன்றைக்கு என் காது வேறு மாதிரி இருந்தது. கவ்ஸர், வன்ஹர், அப்தர். மூன்றும் 'ரே'யில் முடிகிறது! கோரைத் துண்டை ஓட்டி ரேயைக் கண்டுபிடித்தேன். அரிவாள் மாதிரி வளைந்து வரிக்குக் கீழே இறங்கியிருந்தது. கிதாபில் இருப்பதும் நன்னாவின் வாயிலிருந்து வருவதும் ஒன்றுதானா? இதை யாரும் எனக்குச் சொல்லவே இல்லையே. அன்றுவரை அது அசரத்தின் பாடம், இது நன்னாவின் வேலைச் சத்தம்.

"நன்னா, கவ்ஸர்ல வாறது எந்த ஸ?"

"ஸே. மூணு புள்ளி."

"நீங்க ஸீன்லா சொல்லுதீங்க!"

நன்னியின் குச்சி பாதியில் நின்றது. "பெரியவங்களப் பாத்து என்ன பேச்சுலே இது" என்றாள். நன்னா அச்சைக் கீழே வைத்தார்கள். அடிபடப் போகிறேன் என்றுதான் நினைத்தேன்.

"இங்க வா. என் வாயப் பாரு."

வாயைத் திறந்து காட்டினார்கள். மேல்வரிசையில் நடுவில் நாலு பல் கிடையாது. கீழே இரண்டு மட்டும் வெற்றிலைக் கறையோடு தனித்தனியாக நின்றன.

"இப்ப உன் வாயக் காட்டு."

காட்டினேன். இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில் ஓட்டை. நன்னி முதலில் சிரித்தாள்.

"ஸேக்குப் பல்லு வேணும் வாப்பா. எனக்கு இருந்த காலத்துல நல்லாத்தான் வந்துச்சு. இப்ப ஆண்டவனுக்குத் தெரியும், கெழவன் சொல்ல வாறது எதுன்னு."

"அசரத்துக்குத் தெரியாதே?"

"அவருக்கு நான் வந்து சொல்லுதேன்."

அதோடு விட்டிருக்கலாம். கவ்ஸர் என்றால் என்ன என்று கேட்டேன். சொர்க்கத்தில் ஓடும் ஆறு என்றார்கள். நம்ம ஆறு மாதிரியா என்றேன். அதைவிடப் பெரிசு, பாலைவிட வெள்ளை.

"அங்க கோரை முளைக்குமா?"

நன்னா அதற்குப் பதில் சொல்லவில்லை. ரொம்ப நேரம் ஒரு கோரையை விரலுக்கிடையில் உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, "முளைச்சா நல்லாத்தான் இருக்கும்" என்றார்கள்.

அப்தர் என்றால்? வாரிசு அற்றுப்போனவன். நபியவர்களின் ஆண்மக்கள் சின்னதிலேயே மவுத்தாகிவிட, மக்காவில் ஒருத்தன் அப்படித்தான் அவர்களை ஏசினானாம். அதற்குப் பதிலாக இறங்கியது இந்த சூரா. ஏசியவன்தான் அற்றுப்போனவன். நபியவர்களின் வம்சம் மகள் பாத்திமா நாயகி வழியாகத் தழைத்தது. இதைச் சொல்லும்போது நன்னா அடுக்களைப் பக்கம் பார்த்தார்கள். உம்மா அங்கே மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நன்னாவுக்கு உம்மாவும் சாச்சியும் மட்டுந்தான், ஆண்பிள்ளை இல்லை. உனக்கப்புறம் தறியை யார் பார்ப்பா என்று தெருவில் கேட்டவர்கள் உண்டு என்பதெல்லாம் எனக்குப் பெரியவனான பிறகு தெரிந்தது. மூன்றாவது அடி ஏன் பலமாக விழுந்தது என்பதும்.

மறுநாள் சுபுஹுக்குப் பிறகு நன்னா கைத்தடியை ஊன்றிக்கொண்டு என்னோடு வந்தார்கள். அசரத்திடம் என்ன சொன்னார்களோ, வாசலில் நின்றபடியே இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் ஜீமுக்குப் போனேன். வயிற்றுக்குள் ஒரு புள்ளி. அடுத்து ஹே, புள்ளியே இல்லாதது. தலையில் புள்ளி வைத்தால் கே.

நான் மறந்துபோனேன், நன்னா மறக்கவில்லை. தினமும் ஓதிவிட்டு வந்ததும் "வாயத் திற" என்பார்கள். கண்ணில் புரை விழுந்துகொண்டிருந்த நேரம் அது, பார்த்துத் தெரியாமல் பெருவிரலை என் ஈறில் வைத்துத் தடவுவார்கள். கோரை வாசனையும் சாயத்தின் துவர்ப்பும் நாக்கில் ஒட்டும். நான் மூஞ்சியைச் சுளிப்பேன்.

நோன்புக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு காலையில் விரல் ஓரிடத்தில் நின்றது. ரம்பப் பல் மாதிரி ஒரு விளிம்பு.

"வந்துட்டு" என்றார்கள். "சொல்லு."

நாக்கை நீட்டினேன். புதுப்பல்லில் பட்டுக் கூசியது.

"இன்னா அஃதைனாகல் கவ்ஸர்."

"இன்னொரு தடவ."

சொன்னேன். நன்னா அச்சை இழுத்து அடித்தார்கள். நன்னி கோரையை விட்டாள். நான் இரண்டாவது வசனத்துக்குப் போனேன்.