பங்குனி உத்திரத் திருவிழா 2025: வரவு செலவு குறித்து நன்கொடையாளர்களுக்கு ஒரு கடிதம்

உ
முருகன் துணை

அருள்மிகு பாலசுப்பிரமணிய சுவாமி கோயில் அறக்கட்டளை
நாள்: 04.05.2025

மண்டகப்படி உபயதாரர்களுக்கும் நன்கொடை அளித்த அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஏப்ரல் 2ஆம் தேதி கொடியேறி, 11ஆம் தேதி உத்திரத்தன்று தேர் ஓடி, மறுநாள் தீர்த்தவாரியோடு விழா இனிதே நிறைவடைந்தது. உள்ளூரில் இருப்பவர்கள் நேரில் பார்த்தீர்கள். திருப்பூரிலும் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருந்து பணம் அனுப்பிவிட்டு வர முடியாமல் போனவர்கள் பலர். உங்கள் பணம் எதற்குப் போனது, யார் முடிவு செய்தார்கள் என்பது கொடுத்த ஒவ்வொருவருக்கும் தெரிய வேண்டும். அதற்காகவே இந்தக் கடிதம்.

முதலில் வரவு. போன வருட விழாவின் மீதி 1,12,000 ரூபாய். ரசீது போட்ட நன்கொடை 9,48,000. பத்து நாள் மண்டகப்படி, நாளுக்கு 32,000 வீதம் 3,20,000. திருவிழாக் கடைகளின் தரை வாடகை 74,000. மொத்தம் 14,54,000 ரூபாய். பணம் முழுவதும் அறக்கட்டளைப் பெயரில் உள்ள ஒரே வங்கிக் கணக்கில்தான் வரவு வைக்கப்பட்டது. தனியார் யாருடைய கைப்பேசிக்கும் பணம் அனுப்பச் சொல்லவில்லை.

தை மாதக் கூட்டத்தில் 13,50,000 ரூபாய்க்குத் திட்டம் போட்டோம். செலவானது 13,83,000. திட்டத்தைவிட 33,000 கூடுதல். இனம் இனமாகக் கீழே இருக்கிறது; முதல் தொகை திட்டம், அடுத்தது செலவு.

தேர்: 2,60,000 / 3,38,000
அன்னதானம்: 3,50,000 / 3,71,000
பூஜை, அபிஷேகம், யாகசாலை, சம்பாவனை: 2,20,000 / 2,14,000
நாதஸ்வரம், தவில்: 1,40,000 / 1,40,000
பூ, மாலை: 1,10,000 / 1,27,000
பந்தல், விளக்கு, ஒலிபெருக்கி, ஜெனரேட்டர்: 1,80,000 / 1,16,000
பத்திரிகை, சுவரொட்டி: 30,000 / 19,000
குடிநீர், கழிப்பறை, துப்புரவு, முதலுதவி: 60,000 / 58,000

இதில் நீங்கள் அதிகம் கேட்கப்போவது தேரைப் பற்றித்தான். மாசி முதல் வாரத்தில் கொட்டகையைப் பிரித்துத் தேரை வெளியே இழுத்தபோது, பின் அச்சில் விரிசல் ஓடியிருப்பதைத் தச்சர் காட்டினார். பற்றவைத்து இந்த வருடம் ஓட்டிவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. தச்சரும் பார்வையிட்ட பொறியாளரும் அதற்குச் சம்மதிக்கவில்லை. வடம் பிடிப்பவர்களில் பாதிப் பேர் நம் வீட்டுப் பிள்ளைகள். தேர் முனை திரும்பும்போது சக்கரத்துக்குப் பக்கத்தில் முட்டுக்கட்டையோடு நிற்பவர்களும் நம் ஊர் ஆட்கள்தான். புது அச்சு போடுவது என்று அன்றே முடிவெடுத்தோம். மூன்று பட்டறைகளில் விலைப்புள்ளி வாங்கினோம். பழைய அச்சைக் கழற்றிப் புதியதைப் பொருத்தியது வரை 96,000 ரூபாய். புது வடத்துக்கு ஒதுக்கியதில் 18,000 மிச்சமானதால் தேர்க் கணக்கில் கூடியது 78,000. இந்தச் செலவு சரியானதுதான் என்று எனக்கு இன்றும் எந்தச் சந்தேகமும் இல்லை.

அந்தப் பணத்தில் பெரும்பங்கு விளக்குக் கணக்கிலிருந்து வந்தது. தேரோடும் வீதியில் உயரமான அலங்கார விளக்கு வளைவுகள் வைப்பதாக இருந்தது. அதை முழுவதுமாக விட்டுவிட்டோம். வீதி களையிழந்து இருந்ததாகச் சிலர் வருத்தப்பட்டீர்கள், அது நியாயமான வருத்தம்தான். ஆனால் 2022 ஏப்ரலில் தஞ்சாவூர் களிமேட்டில் தேர் உயர் அழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் இறந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். அதற்குப் பிறகு, தேர் போகும் பாதையில் மின்சார வேலை எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது என்பது என் கருத்து. தேரோட்டத்தின்போது வீதியில் மின்சாரத்தை நிறுத்த மின்வாரியத்தில் முன்கூட்டியே எழுதிக்கொடுத்து, கலசம் வரை தேரின் உயரத்தை அளந்து பார்த்த பிறகே வடம் தொட்டோம்.

அன்னதானத்துக்கு வருவோம். மூன்று நாளுக்கு 5,400 இலை என்று கணக்குப் போட்டிருந்தோம், 6,000 இலை விழுந்தது. உத்திரத்தன்று காவடியோடு வந்த பக்கத்து ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். இரண்டாவது முறை உலை வைக்க வேண்டியதாயிற்று. இலைக்கு 65 ரூபாய் ஆகும் என்று நினைத்தது 62 ரூபாயில் முடிந்தது. 42 மூட்டை அரிசி நீங்கள் பொருளாகவே கொடுத்ததுதான் காரணம். அரிசி, எண்ணெய், தேங்காய் எல்லாம் ரூபாய்க் கணக்கில் வராது. தனி இருப்புப் பதிவேட்டில் கொடுத்தவர் பெயரோடு இருக்கிறது. மீதமான 6 மூட்டை அரிசி மாதக் கிருத்திகை அன்னதானத்துக்கு எடுத்து வைக்கப்பட்டிருக்கிறது.

பூ விலை பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. உத்திரத்தன்று எல்லா முருகன் கோயிலுக்கும் பூ வேண்டும், விலை ஏறத்தான் செய்யும்.

ஒரு காரியத்துக்கென்று சொல்லிக் கொடுத்த பணத்தை அதற்கு மட்டுமே செலவழித்தோம். வாணவேடிக்கைக்கு என்று ஓர் அன்பர் 25,000 கொடுத்திருந்தார். இந்த ஆண்டு வாணவேடிக்கை வேண்டாம் என்று குழு முடிவு செய்ததும், பணத்தைத் திருப்பித் தரவா, வேறு எதற்காவது வைத்துக்கொள்ளவா என்று அவரிடமே கேட்டோம். தேர் அச்சுக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதிக்கொடுத்தார். அந்தக் கடிதம் கோப்பில் இருக்கிறது.

பணம் கொடுத்த முறை பற்றியும் சொல்ல வேண்டும். ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், வருமான வரிச் சட்டப்படி அது அறக்கட்டளையின் செலவாகவே ஏற்கப்படாது. அதனால் பந்தல்காரர், சமையல் ஒப்பந்தக்காரர், நாதஸ்வரக் குழு எல்லோருக்கும் வங்கி வழியாகவே கொடுத்தோம். பந்தல் ஒப்பந்தத்தில் 1 சதவீத வரி பிடித்துக் கட்டியிருக்கிறோம். தட்டில் வைத்துக் கொடுத்த சம்பாவனைகளுக்குக்கூடக் கையெழுத்திட்ட வவுச்சர் உண்டு.

80ஜி சான்று கேட்டுப் பலர் தொலைபேசியில் பேசினீர்கள். நம் அறக்கட்டளையால் அதைத் தர முடியாது. வருமானத்தில் 5 சதவீதத்துக்கு மேல் சமயக் காரியங்களுக்குச் செலவிடும் அறக்கட்டளைக்கு அந்தச் சலுகை கிடைப்பதில்லை. நம் செலவு முழுவதும் சாமி காரியம்தான். உங்கள் கையில் இருக்கும் ரசீது நன்கொடைக்கான ஆதாரம் மட்டுமே. அதை வைத்து வரிக்கழிவு கேட்க வேண்டாம்.

அப்புறம் ஒரு விஷயம். பங்குனி மாதம் மார்ச், ஏப்ரல் இரண்டிலும் வருவதால் இந்த விழாவின் வரவும் முன்பணங்களும் இரண்டு நிதியாண்டுகளில் பிரிந்து கிடக்கின்றன. தணிக்கையாளர் தரும் ஆண்டறிக்கை எதிலும் இந்த 14,54,000 ஒரே எண்ணாகத் தெரியாது. விழாவுக்கென்று தனிப் பேரேடு வைத்திருப்பது அதனால்தான். இரண்டு ஆண்டறிக்கைகளோடும் அதை ஒத்துப் பார்க்கலாம்.

யுபிஐ வழியாக வந்ததில் 18,600 ரூபாய் யார் அனுப்பியது என்று இன்னும் தெரியவில்லை. பணம் அனுப்பியும் ரசீது வராதவர்கள் பரிவர்த்தனை எண்ணைக் கோயில் அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள், உடனே ரசீது போடுகிறோம்.

கையிருப்பு 71,000 ரூபாய் வங்கியில் இருக்கிறது. தேர்க் கொட்டகையின் மேல்தகடுகளை மாற்ற வேண்டும் என்று குழுவில் பேச்சு இருக்கிறது. இந்தக் கையிருப்பை அடுத்த விழாவுக்கு வைப்பதா, கொட்டகைக்குச் செலவிடுவதா என்பதை ஜூன் 15 ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்குக் கோயில் மண்டபத்தில் நடக்கும் பொதுக்கூட்டத்தில் நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். ஜூன் 8 வரை எல்லா ஞாயிறும் காலை 10 முதல் 12 வரை பேரேடு, வவுச்சர், விலைப்புள்ளிகள், வங்கி அறிக்கை எல்லாம் அலுவலகத்தில் மேசைமேல் இருக்கும். நூறு ரூபாய் கொடுத்தவரும் தாராளமாக வந்து புரட்டிப் பார்க்கலாம். வெளியூர்க்காரர்கள் கேள்வியைக் கடிதமாக அனுப்பினால் கூட்டத்தில் வாசித்துப் பதில் சொல்கிறேன்.

இப்படிக்கு,
பொருளாளர்
அருள்மிகு பாலசுப்பிரமணிய சுவாமி கோயில் அறக்கட்டளை