என்னத்தைக் கொண்டு வருவேன்? (மீகா 6:8, அறுப்பின் பண்டிகை ஆராதனைச் செய்தி)

கர்த்தருக்குள் அன்பான சபையாரே, இன்றைய தியான வசனத்தை எல்லாரும் சேர்ந்து வாசிப்போம். மீகா ஆறாம் அதிகாரம், எட்டாம் வசனம்:

"மனுஷனே, நன்மை இன்னதென்று அவர் உனக்கு அறிவித்திருக்கிறார், நியாயஞ்செய்து, இரக்கத்தைச் சிநேகித்து, உன் தேவனுக்கு முன்பாக மனத்தாழ்மையாய் நடப்பதை அல்லாமல் வேறே என்னத்தைக் கர்த்தர் உன்னிடத்தில் கேட்கிறார்."

வாக்குத்தத்த அட்டைகளில் இந்த வசனத்தைத் தனியாகவே பார்த்துப் பழகிவிட்டோம். ஆனால் இது ஒரு கேள்விக்கு வந்த பதில். அந்தக் கேள்வி இரண்டு வசனம் முன்னால் இருக்கிறது: "என்னத்தைக்கொண்டு நான் கர்த்தருடைய சந்நிதியில் வந்து, உன்னதமான தேவனுக்கு முன்பாகப் பணிந்துகொள்வேன்?" நெல்மூட்டையும் வாழைத்தாரும் பூசணியும் பீடத்தடியில் நிரம்பிக் கிடக்கிற இந்த நாளில், அது நம்முடைய கேள்வியும்தான்.

அதிகாரத்தின் தொடக்கத்தில் ஒரு வழக்கு நடக்கிறது. பர்வதங்களும் பூமியின் அஸ்திபாரங்களும் கேட்டுக்கொண்டிருக்கின்றன. வழக்காடுகிறவர் கர்த்தர். ஆனால் அவர் குரலில் கோபத்தைவிட வேதனைதான் அதிகம்: "என் ஜனமே, நான் உனக்கு என்னத்தைச் செய்தேன்?" எகிப்திலிருந்து மீட்டதை, மோசே, ஆரோன், மிரியாமை அனுப்பியதை, சித்தீம் தொடங்கி கில்கால் வரை நடத்திவந்ததை நினைவூட்டுகிறார். பெற்றவர்கள் பிள்ளையிடம் கேட்பதுபோல இருக்கிறது.

அதற்கு ஜனத்தின் பதிலைக் கவனியுங்கள். விலை பேசுகிறார்கள். ஒரு வயது கன்றுக்குட்டிகளா? ஆயிரம் ஆட்டுக்கடாக்களா? எண்ணெய் ஆறாக ஓடவேண்டுமா? கடைசியில், "என் முதற்பேறானவனையும்" கொடுக்கவேண்டுமோ என்கிறார்கள். இது வெறும் பேச்சுக்கு உயர்த்திச் சொன்னது என்று நினைக்காதீர்கள். மீகாவின் நாட்களில் அரசாண்ட ஆகாஸ் தன் குமாரனைத் தீக்கடக்கப்பண்ணினான் என்று 2 இராஜாக்கள் 16 சொல்கிறது. கேட்டால் பிள்ளையையும் கொடுப்பார்கள்; வாழ்க்கையை மட்டும் தொடக்கூடாது.

மீகா எருசலேம் அரண்மனையை அண்டி வாழ்ந்தவர் அல்ல. தென்மேற்கே, தாழ்ந்த குன்றுகள் நிறைந்த வயற்காட்டுப் பக்கத்து மொரேசா ஊர்க்காரர். காலம் கிறிஸ்துவுக்கு முன் எட்டாம் நூற்றாண்டு. யோதாம், ஆகாஸ், எசேக்கியா ஆண்ட நாட்கள். கி.மு. 722 வாக்கில் வடக்கே சமாரியா அசீரியரிடம் விழுந்தது. ஆனால் மீகாவை அழவைத்தது அசீரியன் மட்டும் அல்ல. இரண்டாம் அதிகாரத்தைப் பாருங்கள்: இரவில் படுக்கையில் கிடந்தபடியே திட்டம் போட்டு, விடிந்ததும் அடுத்தவன் வயலைப் பறிக்கிறார்கள். மூன்றாம் அதிகாரத்தில் தலைவர்கள் பரிதானத்துக்கு நியாயம் தீர்க்கிறார்கள், ஆசாரியர் கூலிக்கு உபதேசிக்கிறார்கள்; அப்படியிருந்தும் கர்த்தர் எங்கள் நடுவில் இருக்கிறார், தீங்கு வராது என்கிறார்கள். நம் வசனத்துக்குச் சற்றுக் கீழே, பத்தாம் பதினோராம் வசனங்களில், குறைந்த மரக்காலும் கள்ளத்தராசும் வருகின்றன. பலிபீடத்துக்கு வந்த கன்றுக்குட்டி எந்தத் தராசில் சம்பாதித்தது என்று கர்த்தர் கேட்கிறார்.

இப்போது பதிலுக்கு வருவோம். நியாயத்தை 'விரும்பு' என்று அவர் சொல்லவில்லை, 'செய்' என்கிறார். எபிரெயத்தில் 'மிஷ்பாத்': ஊர் வாசலில் ஏழையின் வழக்கை எடுத்து நேராகத் தீர்ப்பது. இரக்கத்தையோ 'செய்' என்று மட்டும் சொல்லாமல், 'சிநேகி' என்கிறார். அங்குள்ள 'ஹெசெத்' என்ற சொல்லுக்கு நம் 'இரக்கம்' கொஞ்சம் சிறியதுதான். உடன்படிக்கை பண்ணினவர் கைவிடாமல் காட்டும் அன்பு அது. நகோமியை விட்டுப் போகமாட்டேன் என்று நின்ற ரூத்திடம் இருந்தது. முகஞ்சுளித்துக்கொண்டு செய்யும் உதவியில் அது இல்லை. மூன்றாவதில் நடை இருக்கிறது. ஒருநாள் பண்டிகையோடு முடியாமல், வயலுக்கும் சந்தைக்கும் வீட்டுக்கும் கூடவே வருகிற நடை.

கர்த்தர் பலியே வேண்டாம் என்றாரா? இல்லை. ஒற்தலாமிலும் சீரகத்திலும் தசமபாகம் கொடுத்துவிட்டு நீதியையும் இரக்கத்தையும் விட்டவர்களிடம், இவைகளையும் செய்யவேண்டும், அவைகளையும் விடாதிருக்கவேண்டும் என்றார் நம் ஆண்டவர். ஆகவே உங்கள் நெல்மூட்டையை நான் குறைத்துப் பேசவில்லை. அது மழையிலும் வெயிலிலும் உழைத்த உழைப்பு.

ஆனால் அந்த நெல்லை அறுத்தவர்களுக்குக் கூலி பாக்கி இருக்கிறதா? வரப்பை ஒரு முழம் தள்ளிப்போட்டதால் பேச்சுவார்த்தை நின்றுபோன அண்ணன் தம்பி இந்த ஆலயத்திலேயே இருபுறமும் உட்கார்ந்திருக்கிறீர்களா? காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு, முன்பு போய் உன் சகோதரனோடே ஒப்புரவாகு என்று மத்தேயு ஐந்தில் ஆண்டவரே சொல்லியிருக்கிறார். ஏலம் பதினொன்றரைக்குத்தான். பொருட்கள் இங்கேயே பத்திரமாக இருக்கும். போகவேண்டியவர்கள் இப்போதே எழுந்து போய் வாருங்கள். நாங்கள் பாட்டுப் பாடிக்கொண்டு காத்திருக்கிறோம்.