வெறுங்கையோடு இலங்கை புக்கவன்: தோல்பாவைக்கூத்தில் இராவணனின் ஆண்மையும் மானமும்

பாலக்காட்டுப் பக்கத்துப் பகவதி கோயில்களில் கூத்துமாடத்துத் திரைக்குப் பின்னால் 21 விளக்கு எரியும். புலவர் பாடுவது கம்பனின் தமிழ். நடுநடுவே சொல்லும் விளக்கத்தில் மலையாளம் கலந்திருக்கும். மான்தோலில் செதுக்கிய இராவணனின் முகம் வெற்றியிலும் தோல்வியிலும் ஒன்றுதான். ஆகவே அவன் உள்ளே உடைவதைக் காட்டும் வேலை முழுக்கச் சொல்லின் தலையில் விழுகிறது. சிற்றூரிலும் கொல்லங்கோட்டிலும் தமிழ் பேசி வளர்ந்தவர்களுக்கு இந்தக் கூத்தில் ஒரு தனி உரிமை உண்டு. விளக்கம் வருவதற்கு முன்பே பாட்டு நேராகக் காதில் விழுந்துவிடும்.

இராவணனை ஆணவத்தால் அழிந்தவன் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அது போதாது. அவனுடைய ஆண்மை பிறர் கண்ணில் நிற்பது. பார்ப்பவர் இருக்கும்வரை அது மலை. பார்ப்பவர் சிரித்தால் பொடி. இந்தப் பிளவை முதலில் சொல்வது பகைவன் இல்லை, தம்பி கும்பகருணன். மந்திர ஆலோசனையில் அண்ணன் முகத்துக்கு நேரே சொல்கிறான்: 'பேசுவது மானம், இடை பேணுவது காமம், கூசுவது மானுடரை, நன்று, நம் கொற்றம்!' மூன்று வினைகளும் மூன்று திசைக்கு இழுக்கின்றன. மானம் வாயில் மட்டும் இருக்கிறது என்பதைப் 'பேசுவது' என்ற ஒரு சொல்லே காட்டிவிடுகிறது. செயலைப் பார்த்தாலும் அதுதான். கயிலையை எடுத்த தோள் உடையவன், இராமனும் இலக்குவனும் இல்லாத நேரம் பார்த்து, துறவி வேடத்தில் பர்ணசாலைக்கு வந்தான். தன் வீர நெறியை முதலில் மீறியவன் அவனேதான். போர் அப்புறம் வந்தது.

முதல் நாள் போரில் தேரும் வில்லும் இழந்து நிற்பவனிடம் இராமன், 'இன்று போய், போர்க்கு நாளை வா' என்கிறான். இதை ஏளனமாகப் படிப்பதுதான் வழக்கமாக நேரும் பிழை. கம்பன் அடுத்து வைக்கும் சொல் 'நல்கினன்'. அப்படி நல்கியவனுக்குத் தரும் பெயர் 'வள்ளல்'. வாங்கியே பழகாத கைக்குப் பகைவன் உயிரைத் தானமாகக் கொடுக்கிறான். அம்பைவிட ஆழமாகத் தைத்தது இதுதான். அடுத்த பாட்டை மெல்லப் படிக்க வேண்டும்:

'வாரணம் பொருத மார்பும், வரையினை எடுத்த தோளும்,
நாரத முனிவற்கு ஏற்ப நயம்பட உரைத்த நாவும்,
தார் அணி மௌலி பத்தும், சங்கரன் கொடுத்த வாளும்,
வீரமும், களத்தே போட்டு, வெறுங் கையோடு இலங்கை புக்கான்.'

ஆறு பொருளுக்கு ஆறு 'உம்'. மௌலியையும் வாளையும் களத்தில் போடலாம். மார்பையும் தோளையும் நாவையும் எப்படிப் போடுவது? அவை உடம்போடுதானே வரும்! ஆனாலும் அவற்றின் பழம்பெருமை உடன் வரவில்லை. யானையை எதிர்த்தது மார்புக்குப் பெருமை, மலையை எடுத்தது தோளுக்குப் பெருமை. அந்தப் பெருமைகள் களத்தில் கிடக்க, தசை மட்டும் ஊருக்குள் நுழைகிறது. இருபது கையும் வெறுங்கை.

அரண்மனையில் அவன் எதற்கு நாணுகிறான் என்பது இன்னும் நுட்பமான இடம். வானோர் சிரிப்பார்கள், மண்ணோர் சிரிப்பார்கள், பகைவரெல்லாம் சிரிப்பார்கள்; 'அதற்கு நாணான்'. பிறகு, 'சானகி நகுவள் - என்றே நாணத்தால் சாம்புகின்றான்'. திசையானைகளை வென்றவனின் ஆண்மை, சிறையில் இருக்கும் ஒரு பெண்ணின் சிரிப்பில் தொங்குகிறது. அவள் சிரிக்கவே இல்லை. அவன் மனத்தில்தான் அந்தச் சிரிப்பு கேட்கிறது.

இங்கே நின்றுவிட்டால் அவன் வெறும் காமுகன். அவன் துன்பியல் நாயகன் ஆவது, மகன் இந்திரசித்து சீதையை விட்டுவிடச் சொல்லும்போது. 'என்னையே நோக்கி, யான் இந் நெடும் பகை தேடிக் கொண்டேன்' என்கிறான் இராவணன். மகனின் வலிமையையும் நம்பவில்லை, இறந்த வீரர்களையும் நம்பவில்லை. பழியைத் தன் பெயரில் எழுதிக்கொள்ளும் முதல் வாக்கியம் இது. 'இன்று உளார் நாளை மாள்வார். புகழுக்கும் இறுதி உண்டோ?' என்றும் கேட்கிறான். இராமன் பெயர் நிற்கும்வரை தன் பெயரும் நிற்கும் என்பது அவன் கணக்கு. தவறான காரியத்துக்காகச் சொன்ன சரியான வீரச் சொல் அது. அந்த முரண்தான் நம்மை அவனுக்காக வருந்த வைக்கிறது.

அவன் விழுந்து கிடக்கையில் முதுகில் வடுவைக் கண்டு இராமன் கலங்குகிறான். புறமுதுகிட்டவனையா வென்றோம் என்பது அவன் கவலை. இந்த மண்ணுக்கு அந்தக் கவலை புதிதல்ல. வெண்ணிப் போரில் முதுகில் புண்பட்டதற்கு நாணி வடக்கிருந்தவன் ஒரு சேரன், பெருஞ்சேரலாதன். புறநானூற்றின் 65-ஆம் பாட்டு அதைச் சொல்கிறது. இராவணனின் வடு அப்படி வந்ததல்ல என்று விளக்குபவன், அவனை விட்டுப் பிரிந்து போன வீடணன். திசையானைகளின் கொம்பு மார்பில் பாய்ந்து முதுகுவரை ஊடுருவி விட்டுப்போன வடு என்று அவன் சொன்ன பிறகுதான் இராமன் தேறுகிறான்.